விளிம்பு தாங்கியது, இணைப்பு தாங்கவில்லை: வேகம் கூட்டப்பட்ட ஒரு ஃப்ளைவீலின் கதை

ஒரு பெரிய பிஸ்டன் கம்ப்ரஸர். கிராங்க் தண்டில் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே வார்ப்பிரும்பு ஃப்ளைவீல், அதன் வெளி முகத்தின் மேல் தட்டை பெல்ட் ஓடுகிறது, பெல்ட்டின் மறுமுனையில் மோட்டார். வருடக்கணக்காக 240 ஆர்.பி.எம் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம். காற்று போதவில்லை என்று யாரோ மோட்டார் பக்கப் புல்லியை பெரிதாக மாற்றி 330-க்கு ஏற்றிவிட்டார்கள். மாற்றுவதற்கு முன் ஒருவர் கணக்கும் போட்டிருக்கிறார், அந்தக் கணக்கில் தவறில்லை, ஆனாலும் நாலு மாதத்தில் சக்கரம் பிளக்கும் நிலைக்கு வந்துவிட்டது. சரியான கணக்கு எப்படி இங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

என்னைக் கூப்பிட்ட காரணம் ஒரு சத்தம். "சார், வேகம் ஏறும்போது ஒண்ணும் இல்ல, 250-ஐத் தாண்டினதும் படபடன்னு அடிக்குது, நிறுத்தப் போனா தானா அடங்கிடுது" என்றார் அங்கிருந்த மூத்த ஃபிட்டர். பெல்ட் தையல் அடிக்கிறது என்று நினைத்துப் பெல்ட்டையும் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், சத்தம் போகவில்லை. வேகத்தோடு வந்து வேகத்தோடு போகிற சத்தம் என்றதும் எனக்கு பேரிங் மேல் சந்தேகம் போகவில்லை. பேரிங் கெட்டிருந்தால் மெதுவாகச் சுற்றும்போதும் ஏதாவது காட்டிக்கொடுக்கும். குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேல் மட்டும் ஏதோ திறக்கிறது, கீழே வந்தால் மூடிக்கொள்கிறது என்றுதான் தோன்றியது.

இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தோம். அது ஒரே வார்ப்பாகச் செய்த சக்கரம் இல்லை. தண்டைக் கழற்றாமல் மாட்டுவதற்காக இரண்டு அரைவட்டங்களாக வார்த்து, விளிம்பில் எதிரெதிரே இரண்டு இடங்களில் போல்ட் போட்டுச் சேர்த்தது. அதில் ஓர் இணைப்பின் வெளிப்பக்கக் கோட்டில், தலைமுடி அகலத்துக்கு, செம்பழுப்பு நிறத்தில் நைசான தூள். விரலில் தொட்டால் ஒட்டிக்கொள்கிறது. சாதாரணத் துரு இப்படி ஒரே கோட்டில் பொடியாகக் கக்காது. இரண்டு முகங்கள் ஒன்றோடொன்று நுணுக்கமாக உரசும்போது வரும் பொடி இது. 0.10 மி.மீ ஃபீலர் கேஜை எடுத்து வெளிப்பக்கத்தில் வைத்தேன், நின்றுகொண்டிருக்கும் சக்கரத்திலேயே அது உள்ளே போனது. எதிர்ப்பக்க இணைப்பில் 0.05-கூடப் போகவில்லை. அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அவர்கள் போட்ட கணக்கு

சக்கரத்தின் அளவுகள் இவை. விளிம்பின் சராசரி ஆரம் 1 மீட்டர், ஆரத்திசையில் தடிமன் 100 மி.மீ, அகலம் 200 மி.மீ, ஆறு கைகள். வார்ப்பிரும்பின் அடர்த்தி கன மீட்டருக்கு 7200 கிலோ.

மெல்லிய வளையம் சுழலும்போது அதன் ஒவ்வொரு துண்டும் நேர்கோட்டில் விலகிப் போகப் பார்க்கிறது. அதை வட்டத்தில் பிடித்து வைப்பது அக்கம்பக்கத்துத் துண்டுகளின் இழுப்பு மட்டுமே. வளையத்தைப் பாதியாக வெட்டியதாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் பாதியின் மைய விலக்கு விசைகளை எல்லாம் செங்குத்தாகக் கூட்டினால் 2ρAω²R² வரும்; ρ அடர்த்தி, A விளிம்பின் குறுக்குப் பரப்பு, ω சுழல் வேகம், R ஆரம். அதை எதிர்த்து நிற்பவை வெட்டிய இரண்டு முகங்கள், ஒவ்வொன்றிலும் σA; σ என்பது தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பு தாங்கும் விசை. விளிம்பின் வேகம் ωR-ஐ v என்று எழுதுகிறேன். இரண்டையும் சமன் செய்தால் பரப்பு A இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய், மிஞ்சுவது இவ்வளவுதான்:

```
σ = ρ ω² R² = ρ v²
```

பெல்ட் பற்றிப் படித்தவர்களுக்கு இது பழக்கமான முகம். வேகமாக ஓடும் பெல்ட்டில் மைய விலக்கு இழுப்பு mv² என்று எழுதுவோமே, அதே சமன்பாட்டைப் பரப்பால் வகுத்திருக்கிறோம். இந்த இயந்திரத்தில் விளிம்பும் அதன் மேல் ஓடுகிற பெல்ட்டும் ஒரே விதிக்குத்தான் கட்டுப்பட்டிருக்கின்றன.

240 ஆர்.பி.எம்-இல் விளிம்பு வேகம் நொடிக்கு 25.1 மீட்டர், வளையத் தகைவு 4.55 மெகாபாஸ்கல். 330-இல் வேகம் 34.6 மீட்டர், தகைவு 8.6 மெகாபாஸ்கல். வேகம் 37.5 சதவீதம் கூடினால் தகைவு 89 சதவீதம் கூடுகிறது, வர்க்கம் என்பதால். சாதாரண வார்ப்பிரும்பு 150 முதல் 200 மெகாபாஸ்கல் வரை இழுவிசை தாங்கும். "8.6 எங்கே, 150 எங்கே, இதற்கா பயப்படுவது?" என்றுதான் புல்லியை மாற்றியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கும் அந்தத் தாளை மட்டும் காட்டியிருந்தால் முதல் பார்வையில் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

மெல்லிய வளையம் என்ற அனுமானம் இங்கே ஒத்துவருமா என்று கேட்கலாம். தடிமன் ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு. தடித்த வளையத்துக்கான முழுச் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால் உள்முகத்தில் தகைவு 6 சதவீதம் அளவுக்குத்தான் கூடுகிறது. இந்த வழக்கில் அது ஒரு பொருட்டே இல்லை.

கைகள் செய்யும் வேலை

அந்தக் கணக்கில் முதலில் விடுபட்டது கைகள். தனி வளையமாக இருந்தால் 330 ஆர்.பி.எம்-இல் விளிம்பின் ஆரம் ρv²R/E அளவு விரியும். வார்ப்பிரும்பின் மீள்குணகத்தை 100 கிகாபாஸ்கல் என்று வைத்தால் 0.086 மி.மீ. அதே வேகத்தில் சீரான ஒரு கை தன் சொந்தச் சுழற்சியால் நீளும் அளவு இதில் மூன்றில் ஒரு பங்குதான். அப்போது என்ன ஆகும்? விளிம்பு வெளியே போக விரும்புகிறது, கை அவ்வளவு தூரம் வரத் தயாராக இல்லை. ஆறு இடங்களில் கை விளிம்பை உள்நோக்கிப் பிடித்துக்கொள்கிறது, நடுநடுவே விளிம்பு வெளியே புடைக்கிறது. வட்டமாக இருந்தது மிக நுணுக்கமாக ஆறு இதழ் பூப்போல ஆகிறது.

இந்த வளைவைக் கணக்கிட ஒரு பழைய குறுக்குவழி உண்டு, கேட்டானோ லான்சா பெயரில் பாடநூல்களில் வரும். இரண்டு கைகளுக்கு நடுவில் இருக்கும் விளிம்பை இருமுனையும் இறுகப் பிடித்த உத்திரமாக எடுத்து வளைவுத் தகைவைக் கண்டுபிடிப்பது, பிறகு கைகள் முழுக்க இறுக்கமாகவும் இல்லை முழுக்கத் தளர்வாகவும் இல்லை என்பதால் வளையத் தகைவில் முக்கால் பங்கு, வளைவுத் தகைவில் கால் பங்கு என்று சேர்ப்பது:

```
σ = ρ v² (0.75 + 4.935 R / (n² t))
```

n கைகளின் எண்ணிக்கை, t விளிம்பின் ஆரத்திசைத் தடிமன். நம் சக்கரத்துக்கு அடைப்புக்குறிக்குள் இருப்பது 2.12 வருகிறது. அதாவது வெறும் ρv²-ஐப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். 330-இல் 18.2 மெகாபாஸ்கல். முக்கால், கால் என்று பிரித்தது ஒரு மதிப்பீடுதான், துல்லியமான தீர்வு இல்லை. ஆனால் எந்தத் திசையில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளப் போதும்.

18.2 என்றாலும் வார்ப்பிரும்புக்குப் பெரிய விஷயமில்லை. வலிமையை 180 என்று வைத்தால் இன்னும் பத்து மடங்கு கையிருப்பு இருக்கிறது. இதே சக்கரம் ஒரே வார்ப்பாக, குறையில்லாமல் இருந்திருந்தால் கணக்குப்படி 1000 ஆர்.பி.எம்-ஐத் தாண்டித்தான் உடைய வேண்டும். ஆக விளிம்பைப் பொறுத்தவரை புல்லியை மாற்றியவர்கள் தப்பு செய்யவில்லை.

இணைப்பில் நடந்தது

இரண்டு இணைப்புகளும் கைகளுக்கு நடுவில், சரியாகப் பாதி தூரத்தில் இருந்தன. விளிம்பின் உள்முகத்திலிருந்து மையத்தை நோக்கி 110 மி.மீ நீண்ட ஃபிளாஞ்ச், ஒவ்வொரு பக்கமும் 75 மி.மீ தடிமன். அதில் இரண்டு எம்42 போல்ட்டுகள், விளிம்பின் உள்முகத்திலிருந்து 60 மி.மீ தள்ளி. வெளிமுகத்தில் பெல்ட் ஓட வேண்டும் என்பதால் போல்ட்டை உள்ளேதான் வைக்க முடியும், வேறு வழியில்லை. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள்.

விளிம்பின் குறுக்குப் பரப்பு 0.02 சதுர மீட்டர். 330-இல் விளிம்பு இழுக்கும் விசை T = 8.6 × 0.02, அதாவது 172 கிலோநியூட்டன். 240-இல் 91. இரண்டு எம்42 போல்ட்டுகளின் தகைவுப் பரப்பு மொத்தம் 2240 சதுர மி.மீ. நேராக வகுத்தால் 330-இல் 77 மெகாபாஸ்கல்தான். புல்லியை மாற்றியவர் இதையும் கடைசி வரியில் போட்டுப் பார்த்து "சரி" என்று எழுதியிருந்தார். போல்ட்டுகள் சாதாரண 4.6 தரம், யீல்டு, அதாவது நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு, 240 மெகாபாஸ்கல்.

அவர் தவறவிட்டது நெம்புகோலை. இழுக்கும் விசை விளிம்பின் நடுக்கோட்டில் இருக்கிறது, பிடித்திருக்கும் போல்ட் அதிலிருந்து 110 மி.மீ உள்ளே இருக்கிறது. ஒரு புத்தகத்தின் முதுகுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இலைப் பக்கத்தை இழுத்தால் அது விரியுமே, அப்படி இந்த இணைப்பு வெளிப்பக்கம் திறக்கப் பார்க்கிறது. திறக்கும்போது ஃபிளாஞ்சின் உள் நுனி இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன, அந்த நுனியே அச்சாணி ஆகிவிடுகிறது. நுனியிலிருந்து விளிம்பின் நடுக்கோடு 160 மி.மீ தூரம், போல்ட் 50 மி.மீ தூரம். திருப்புதிறனைச் சமன் செய்தால் போல்ட்டுகள் தாங்க வேண்டியது T அளவு இல்லை, 160/50 = 3.2 T.

```
240 rpm: 3.2 × 91  = 291 kN  → 130 MPa
330 rpm: 3.2 × 172 = 550 kN  → 246 MPa
```

240 யீல்டு உள்ள போல்ட்டில் 246. கதை இங்கேதான் இருக்கிறது.

இது மோசமான நிலைமைக்கான கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். விளிம்பே அந்தத் திருப்புதிறனைக் கொஞ்சம் தானே வளைந்து வாங்கிக்கொள்ளும், அப்போது போல்ட்டில் விசை T-க்கும் 3.2 T-க்கும் நடுவில் எங்கோ நிற்கும். ஆனால் இந்தச் சக்கரத்தில் எல்லாம் மோசமான பக்கமே சாய்ந்திருந்தன. கைகளுக்கு நடுவில் விளிம்பு வெளியே புடைக்கும் என்று மேலே பார்த்தோம், அந்தப் புடைப்பு அதிகபட்சமாக இருக்கும் இடத்தில் வெளிமுகம் இழுவிசையில் இருக்கிறது, இணைப்பும் அதே இடத்தில்தான். போதாக்குறைக்கு ஃபிளாஞ்சுகளும் போல்ட்டுகளும் சேர்ந்து கிட்டத்தட்ட 30 கிலோ எடை. 330-இல் அந்த 30 கிலோ 32 கிலோநியூட்டன் விசையோடு, மூன்று டன்னுக்கும் மேல் தொங்கவிட்டதுபோல, விளிம்பை நடுவிடத்தில் வெளியே இழுக்கிறது. மேலே போட்ட T-யில் இதை நான் சேர்க்கவே இல்லை.

இப்போது அந்தச் சத்தத்துக்கு விளக்கம் வந்துவிடுகிறது. போல்ட்டை முறுக்கும்போது அதில் முன்னிழுவை இருக்கும். வெளிவிசை அந்த முன்னிழுவையைத் தாண்டாதவரை இணைப்பு மூடியே இருக்கும், போல்ட்டில் தகைவும் பெரிதாக மாறாது. இந்தப் போல்ட்டுகளை ஆரம்பத்தில் 150 மெகாபாஸ்கல் அளவுக்கு முறுக்கியிருந்தார்கள் என்று வைத்துக்கொண்டால், தேவை 130 ஆக இருக்கும் 240 ஆர்.பி.எம்-இல் இணைப்பு மூடியிருக்கும், திறக்கத் தொடங்கும் வேகம் 240 × √(150/130), ஏறக்குறைய 258 ஆர்.பி.எம். ஃபிட்டர் சொன்ன 250-ஐ நினைத்துப் பாருங்கள். முன்னிழுவை எவ்வளவு இருந்தது என்று யாரும் அளந்து வைக்கவில்லை, 150 என்பது நான் எடுத்துக்கொண்ட எண். இருந்தாலும் இவ்வளவு பக்கத்தில் வந்ததைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. 240-இல் வருடக்கணக்காக ஒன்றும் ஆகாததற்கும் 330-இல் நாலே மாதத்தில் திறந்துகொண்டதற்கும் இதுதான் காரணம். ஒவ்வொரு முறை இயந்திரத்தைக் கிளப்பும்போதும் இணைப்பு ஒருமுறை திறந்திருக்கிறது, போல்ட் யீல்டைத் தொட்டுக் கொஞ்சம் நீண்டிருக்கிறது, நிறுத்தியதும் முன்னிழுவை முன்பைவிடக் குறைந்திருக்கிறது, அடுத்த முறை இன்னும் குறைந்த வேகத்திலேயே திறந்திருக்கிறது.

கழற்றிப் பார்த்தபோது சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. திறந்த பக்க போல்ட்டுகள் இரண்டிலும் நட் கையால் கடைசி வரை ஓடவில்லை. முதல் சில மரைகள் இலகுவாகப் போய், நட் முன்பு இருந்த இடத்துக்குச் சற்று முன் இறுகி நின்றுவிட்டது. புரிச்சீப்பை மரையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். போல்ட்டின் முனையில் பல்லுக்குப் பல் சரியாக உட்கார்ந்த சீப்பு, நட்டுக்கு உள்ளே இருந்த பகுதிக்கு வந்ததும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு இடுக்கில் வெளிச்சம் காட்டியது. மரை நீண்டிருக்கிறது, இரும்பு ஓடிவிட்டது. எதிர்ப்பக்க இணைப்பின் போல்ட்டுகளில் இது இல்லை. எந்தப் போல்ட் முதலில் கொஞ்சம் தளர்ந்திருந்ததோ அந்தப் பக்கம் எல்லாச் சேதத்தையும் தானே வாங்கிக்கொண்டிருக்கிறது.

பழைய சோதனைகள் சொன்னது

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் பெஞ்சமின் என்ற பேராசிரியர் சிறிய வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் மாதிரிகளை உடையும்வரை சுழற்றிப் பார்த்தார். ஒரே வார்ப்பான விளிம்புகள் நொடிக்கு சுமார் 120 மீட்டர் வேகம்வரை தாங்கின. கைகளுக்கு நடுவில் ஃபிளாஞ்ச் போட்டு போல்ட் செய்தவை ஏறக்குறைய அதில் பாதி வேகத்திலேயே உடைந்தன. தகைவு வேகத்தின் வர்க்கம் என்பதால் பாதி வேகத்தில் உடைவது என்றால் வலிமை கால் பங்கு என்று அர்த்தம். பொறியாளர் கையேடுகளிலும் அதே எண்தான் இருக்கிறது: முழு விளிம்பு 1 என்றால், கைகளுக்கு நடுவில் ஃபிளாஞ்ச் இணைப்பு 0.25, கையின் மேலேயே பிரித்து இணைத்தால் 0.50, சூடாக்கிப் பொருத்தும் இரும்புக் கொக்கி இணைப்பு 0.60.

நம் சக்கரத்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள். முழு விளிம்பாக இருந்தால் 240-இல் கையிருப்பு 18 மடங்குக்கு மேல், 330-இல் சுமார் 10. கால் பங்கு என்று எடுத்தால் 240-இல் 4.7, 330-இல் 2.5. வார்ப்பிரும்பில், உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா என்றே தெரியாத வார்ப்பில், 2.5 என்பது நான் பக்கத்தில் நிற்கத் தயாராக இருக்கும் எண் இல்லை. வார்ப்பிரும்பு ஃப்ளைவீலுக்கு நொடிக்கு 30 மீட்டர் என்ற பழைய வரம்பு ஒன்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது முழு விளிம்புக்கானது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இந்த மாதிரி இணைப்புக்கு அதே அளவு பாதுகாப்பு வேண்டுமென்றால் 15 மீட்டர்தான் வரும். அப்படிப் பார்த்தால் பழைய 240-கூட, 25 மீட்டரில், வரம்புக்கு மேல்தான். இதை நான் அவர்களிடம் மறைக்கவில்லை.

"தடிமனாக்கிவிடலாமே?"

கூட்டத்தில் முதலில் வந்த யோசனை இது. விளிம்பின் இரு பக்கவாட்டிலும் தகடு வைத்து வெல்டிங் செய்து தடிமனாக்கலாம் என்று மேற்பார்வையாளர் சொன்னார். யாருக்கும் இயல்பாக வருகிற யோசனைதான், ஏனென்றால் பாய்லரிலும் குழாயிலும் சுவரைத் தடிமனாக்கினால் தகைவு குறையும். அங்கே சுமை சுவரின் எடையால் வருவதில்லை, உள்ளே இருப்பதன் அழுத்தமாக வருகிறது. இங்கே சுமையே விளிம்பின் சொந்த எடைதான். பரப்பை இரண்டு மடங்காக்கினால் சுமையும் இரண்டு மடங்காகிறது, σ = ρv² அப்படியே நிற்கிறது. ஆரத்திசையில் தடிமனைக் கூட்டினால் கைகளுக்கு நடுவிலான வளைவு குறையும் என்பது உண்மை, ஆனால் T கூடிவிடும், அந்தக் கூடுதல் T முழுவதும் அதே இரண்டு போல்ட்டுகளில் போய் நிற்கும். விளிம்பை பலப்படுத்தப் போய் இணைப்பை இன்னும் பலவீனமாக்குவோம். வார்ப்பிரும்பில் வெல்டிங் செய்தால் சூடு பட்ட இடத்தைச் சுற்றி விரிசல் வரும் என்பது தனிப் பிரச்சினை. ஃபிட்டர் அதை உடனே பிடித்துக்கொண்டார், "அந்த வேலை வேண்டாம் சார், நான் பார்த்திருக்கேன்" என்று.

இரண்டாவது யோசனை எனக்கே கொஞ்சம் ஆசையைக் கிளப்பியது: 8.8 தர போல்ட் போட்டு 330-லேயே ஓட்டினால் என்ன? யீல்டு 640-க்குப் பக்கம், 246 அதற்குச் சாதாரணம். கணக்கை ஒரு படி மேலே கொண்டுபோனதும் ஆசை போய்விட்டது. ஃபிளாஞ்ச் நுனியில் முட்டும் விசை 2.2 T, அது போல்ட் கோட்டிலிருந்து 50 மி.மீ தள்ளி இருக்கிறது. போல்ட் துளைகளைக் கழித்தால் 200 மி.மீ அகலத்தில் மிஞ்சுவது சுமார் 110. அந்த இடத்தில் வளைவுத் தகைவு 240-இல் 97 மெகாபாஸ்கல், 330-இல் 183. பலமான போல்ட் போட்டால் அடுத்து உடைவது வார்ப்பிரும்பு ஃபிளாஞ்சே. மென்மையான போல்ட் நீண்டு, சத்தம் போட்டு, தூள் கக்கி நமக்கு நாலு மாத அவகாசம் கொடுத்தது. வார்ப்பிரும்பு அப்படி எதையும் கொடுக்காது, ஒரே அடியில் போய்விடும்.

போனால் என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்கு இதைச் சொன்னேன். விளிம்பின் எடை 905 கிலோ. 330-இல் அதில் இருக்கும் இயக்க ஆற்றல் 540 கிலோஜூல், 240-இல் 286. இணைப்பு விட்டுப்போனால் அரை விளிம்பு, 450 கிலோ, சுழன்றுகொண்டே, அதன் நிறை மையம் மணிக்கு சுமார் 79 கிலோமீட்டர் வேகத்தில் தொடுகோட்டுத் திசையில் கிளம்பும். அதன் பாதையில் ஒரு நடைபாதையும் ஒரு கதவும் இருந்தன.

செய்தது

அன்றே பழைய புல்லியைத் திரும்ப மாட்டச் சொன்னோம், 240-தான் இனி உச்சம். அதிகக் காற்று வேண்டுமென்றால் தனியாக ஒரு சிறிய கம்ப்ரஸர் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டு இணைப்புகளிலும் நாலு போல்ட்டுகளையும் மாற்றினோம், நன்றாக இருந்ததாகத் தெரிந்த இரண்டையும் சேர்த்து. இந்த முறை 8.8 தரம்தான், ஆனால் வேகம் கூட்டுவதற்காக இல்லை. 240-இல் தேவை 130 மெகாபாஸ்கல், முன்னிழுவை 200 இருந்தால் இணைப்பு திறக்க வாய்ப்பே குறைவு. 4.6 தர போல்ட்டை 200-க்கு முறுக்கினால் யீல்டுக்கு மிக அருகில் போய்விடும், அதனால்தான் தரம் கூடிய போல்ட். எவ்வளவு முறுக்கினோம் என்பதை டார்க் ரெஞ்சை நம்பி விடவில்லை. மரையில் எண்ணெய் இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே அதே டார்க்கில் இழுவை நிறைய மாறிவிடும். ஒவ்வொரு போல்ட்டின் இரு முனைகளையும் சமமாகத் தேய்த்து, மைக்ரோமீட்டரால் நீளத்தை அளந்து எழுதிவைத்து, முறுக்கிய பிறகு மறுபடி அளந்தோம். 150 மி.மீ பிடிநீளத்துக்கு 200 மெகாபாஸ்கல் என்றால் நீட்சி ஏறக்குறைய 0.15 மி.மீ. மூன்று போல்ட்டுகள் முதல் முறையிலேயே வந்துவிட்டன. நாலாவது 0.09-இல் நின்றது, அவிழ்த்துப் பார்த்தால் நட்டுக்கு அடியில் வாஷர் இருக்கையில் ஒரு சிறு மேடு, அதைச் சமன் செய்தபின் அதுவும் வந்தது.

முறுக்குவதற்கு முன் ஃபிளாஞ்ச் முகங்களையும் வேர்ப்பகுதியையும் சாய ஊடுருவல் முறையில் விரிசலுக்குப் பார்த்தோம். வெள்ளைப் பூச்சின் மேல் எங்கேயும் சிவப்புக் கோடு கசிந்து வரவில்லை. வந்திருந்தால் போல்ட் மாற்றும் பேச்சே இருந்திருக்காது.

அப்புறம் சக்கரத்தைச் சுற்றித் தடித்த எஃகுத் தகட்டில் கூண்டு. 450 கிலோ துண்டை அது முழுமையாக நிறுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை, அதனால் நடைபாதையையும் சக்கரத்தின் தளத்திலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றச் சொன்னேன், துண்டுகள் பெரும்பாலும் சக்கரத்தின் தளத்திலேயே பறக்கும் என்பதால். இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது, ஆனால் நடந்தது.

கிராங்க் தண்டை பேரிங் வேலைக்காக அடுத்து வெளியே எடுக்கும்போது போடுவதற்குப் புதிய சக்கரத்துக்கும் சொல்லியாயிற்று. அதுவும் இரண்டு பாதிதான், ஆனால் பிரிவு கையின் வழியாகவே போகிறது, விளிம்பின் இரு பக்கவாட்டிலும் நடுக்கோட்டுக்கு அருகிலேயே சூடாக்கிப் பொருத்தும் எஃகுக் கொக்கிகள். கொக்கி குளிரும்போது சுருங்கி இரண்டு பாதிகளையும் இழுத்துப் பிடிக்கிறது, பிடிக்கும் இடமும் இழுக்கும் இடமும் ஒரே கோட்டில் இருப்பதால் 3.2 என்ற அந்த நெம்புகோல் பெருக்கம் அங்கே இல்லை.

பழைய சக்கரத்தை மறுபடி ஓட்டும் நாளில் இரண்டு இணைப்புகளின் குறுக்கேயும் வெளிமுகத்தின் ஓரத்தில், பெல்ட் படாத இடத்தில், காய்ந்தால் நொறுங்கும் வார்னிஷை மெல்லிய கோடாகப் பூசிவிட்டோம். இணைப்பு ஒரு நூல் திறந்தாலும் கோடு வெடிக்கும். 120-க்கு ஏற்றி நிறுத்திப் பார்த்தோம், பிறகு 180, பிறகு 240-இல் ஒரு மணி நேரம். ஒவ்வொரு முறையும் ஃபிட்டர் அண்ணன்தான் டார்ச் அடித்து முதலில் குனிந்து பார்த்தார். 240-க்குப் பிறகும் கோடு முழுதாக இருந்தது. அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள், வாரம் ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தும்போது டார்ச் அடித்துப் பார்த்து, பக்கத்தில் தொங்கும் அட்டையில் தேதி எழுதுகிறார்கள்.